ஏ.பி.டி.டி. 58 விநாடி: பிழை குழாயிலா, குறை இரத்தத்திலா?

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் ஒரு பெண்ணின் அறிக்கை வருகிறது. இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் இரண்டு சோதனைகளில் பி.டி. இயல்பு, ஏ.பி.டி.டி. மட்டும் 58 விநாடி. பெரும்பாலான ஆய்வகங்களில் 35 விநாடியை ஒட்டியே இயல்பு முடிந்துவிடும்.

முதல் சந்தேகம் குழாயின் மேல்தான் விழ வேண்டும். நீல மூடிக் குழாயில், கால்சியத்தைப் பிடித்துவைத்து இரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இரத்தம் சேர வேண்டும். குழாய் பாதிதான் நிரம்பியிருந்தால் மிஞ்சிய சிட்ரேட், சோதனையில் உறைதலைத் தொடங்க நாம் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் குறையே இல்லாமல் நேரம் நீள்கிறது. உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து செலுத்திய ஊசிக்குழாயிலிருந்து இரத்தம் எடுத்தாலும் இதே கதைதான். அப்போது திராம்பின் நேரம் என்ற இன்னொரு உறைதல் சோதனையும் நீண்டு, குட்டு வெளிப்பட்டுவிடும். இவருக்கு மறு கையில் புதிதாக ஊசி போட்டுக் குழாயைக் கோடு வரை நிரப்பினார்கள். ஏ.பி.டி.டி. 57. திராம்பின் நேரம் இயல்பு. ஆக, குழாய் குற்றவாளி அல்ல.

அடுத்தது கலவைச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவோடு இயல்பான பிளாஸ்மாவைச் சம அளவு கலந்தால், குறைந்திருந்த காரணி, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் புரதம், கிடைத்து நேரம் சீராகும். சீராகவில்லையென்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது லூபஸ் உறைவெதிர்ப்பி என்ற எதிர்ப்பொருள். பெயரைக் கேட்டு இரத்தப்போக்குக்கு அஞ்சுவார்கள், உண்மையில் அது கட்டி உறையும் ஆபத்தையே கூட்டுகிறது. முதலில் சீராகி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு மீண்டும் நீண்டால் காரணி 8-க்கு எதிரான எதிர்ப்பொருளை நினைக்க வேண்டும். அது கடுமையாக இரத்தம் கொட்டவைக்கும்.

இவருக்கு 32 விநாடியாகச் சீராகி, அப்படியே நின்றது. காரணிக் குறைதான். ஆனால் எது? காரணி 12 குறைந்தால் எண் பயமுறுத்தும், இரத்தம் கசியாது. ஜான் ஹேக்மன் என்பவருக்கு 1950களில் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய சோதனையில்தான் அந்தக் குறை முதன்முதலாகத் தெரிந்தது. 1968-இல் அவர் இறந்தது இரத்தப்போக்கால் அல்ல, நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததால். காரணி 8 லேசாகக் குறைந்தவருக்கோ 40 விநாடிகூட எட்டாமல் இருக்கலாம்; கத்தி பட்டால் நிற்காமல் வடியும். எண்ணின் அளவை வைத்து ஆபத்தை அளப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

அதனால் நான் எண்ணைவிட ஒரு கேள்வியை நம்புகிறேன்: "பல் பிடுங்கியபோது எவ்வளவு நேரம் கசிந்தது?" இவர் சொன்னார்: "இரண்டு நாள், டாக்டர். தலையணை உறை நனைந்துவிட்டது." காரணி 11-இன் அளவு 6 சதவீதம். வாய், தொண்டை, சிறுநீர்ப்பாதை போன்ற இடங்களில்தான் இந்தக் குறை அதிகம் படுத்தும். இதில் அளவும் இரத்தப்போக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அந்தப் பல் கதையே முடிவைத் தீர்மானித்தது. அறுவையைத் தள்ளிவைத்து, உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலமும், குளிரில் உறையவைத்த பிளாஸ்மாவோ காரணி 11 செறிவோ தயாராக இருக்கும்படியும் ஏற்பாடு செய்தார்கள்.