ஆங்கில விரிவுரையின் எழுத்துவடிவிலிருந்து தமிழ்ப் பாடக்குறிப்பு: ஆர்சிசிபி பாடத்தை முன்வைத்து ஓர் அனுபவப் பகிர்வு

தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பையும் ஐடிஐ படிப்பையும் தமிழ்வழியில் முடித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, இங்கே மின்பணிச் சான்றிதழுக்குப் படிக்கும் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடத்திவருகிறேன். கட்டுமானத் தளங்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி இங்குத் தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் அதைத் தாண்டி மின்சாரத்தின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நல்ல விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. யூடியூபில் உள்ள அத்தகைய விரிவுரைகளின் எழுத்துவடிவத்தை எடுத்து, தமிழில் சுருக்கிக் குறிப்பாக்கும் முறையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் எது பயன்பட்டது, எங்கே கவனம் தேவைப்பட்டது என்பதை ஒரே ஒரு பாடத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

அந்தப் பாடம் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட பழைய வீடுகளிலும் இதைப் பொருத்தியாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததால், என் மாணவர்கள் பலருக்கு இது அன்றாட வேலையாகவே அமைந்தது. நான் எடுத்துக்கொண்ட விரிவுரை ஏறத்தாழ ஒரு மணிநேரம் நீள்வது. எழுத்துவடிவில் எட்டாயிரம் சொற்களுக்குக் குறையாது. அதை ஏ4 தாளின் இரண்டு பக்கங்களுக்குள் அடக்குவது என் வழக்கம்.

எழுத்துவடிவத்தைப் படித்ததும் முதலில் தெரிவது, பலகையில் வரைந்தது எதுவும் அதில் இல்லை என்பதுதான். "இது இங்கே போகிறது, அது இப்படித் திரும்பி வருகிறது" என்று விரிவுரையாளர் படத்தைத் தொட்டுக் காட்டிப் பேசும் இடங்களில் பொருளே விளங்காது. எனவே சுருக்கத் தொடங்கும் முன் இத்தகைய வரிகளையெல்லாம் நேரக்குறியோடு அடிக்கோடிட்டு, அந்த இடங்களை மட்டும் காணொளியில் பார்த்து, சுட்டுச்சொற்களுக்குப் பதிலாகப் பொருளின் பெயரை எழுதிவிடுகிறேன். இதைச் செய்து முடித்தபோது மையக்கருத்து மூன்றே வாக்கியங்களில் அமைந்தது: லைவ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒரே வளைய உள்ளகத்தின் ஊடே செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை அவை உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஒரு பகுதி மனித உடல் வழியாக நிலத்துக்குக் கசிந்தால் சமநிலை குலைந்து, உள்ளகத்தில் சுற்றிய சிறு சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, கருவி டிரிப் ஆகும்.

அடுத்தது, மறுப்பதற்காகச் சொல்லப்பட்ட கருத்து. நல்ல ஆசிரியர் மாணவர்களின் தவறான எண்ணத்தை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்வது போலச் சொல்லி, பிறகு அதை உடைப்பார். வகுப்பில் குரலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துவடிவிலோ இரண்டும் ஒரே தோற்றத்தில் இருப்பதாலும், மறுப்பு பல நிமிடங்கள் கழித்து வருவதாலும், முன்பகுதியை மட்டும் சுருக்கினால் தவறான கருத்தே குறிப்பில் உண்மையாக நின்றுவிடும். இந்த விரிவுரையை ஆங்கிலத்திலேயே கேட்டிருந்த ஒரு மாணவர், "அண்ணே, ஆர்சிசிபி இருந்தா 30 மில்லிஆம்பியருக்கு மேல ஒடம்புல கரண்ட் போகாதுதானே? அப்புறம் எப்படி ஷாக் அடிக்கும்?" என்று கேட்டார். அவர் மனத்தில் தங்கியது விரிவுரையாளர் மறுக்க எடுத்துக்கொண்ட வாக்கியமேதான்.

அதனால் இந்தப் பகுதியைச் சுருக்காமல், கணக்கோடு விரித்தே எழுதினேன். இங்கு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று கொண்டால்,

I = V / R = 230 / 1000 = 0.23 A

அதாவது உடல் வழியே 230 மில்லிஆம்பியர் பாயும். ஆர்சிசிபி இந்த அளவைக் குறைப்பதில்லை. அது பாயும் நேரத்தையே குறைக்கிறது. 30 மில்லிஆம்பியர் என்பது கருவி கட்டாயம் இயங்க வேண்டிய கசிவின் அளவு. பன்னாட்டுத் தரநிலையின்படி, பொதுவகைக் கருவி அந்த அளவில் 0.3 வினாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கான 150 மில்லிஆம்பியரில் 0.04 வினாடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். நம் கணக்கில் வரும் 230 அதற்கும் மேல் என்பதால், அதிர்ச்சி நிச்சயம் உணரப்படும், ஆனால் மிகக் குறுகிய நேரத்தில் நின்றுவிடும். மாணவர் கேள்விக்கு விடை இதுவே. கருவியின் முகப்பில் `IΔn 0.03A` என்று அச்சிட்டிருப்பதையும் குறிப்பில் அப்படியே கொடுத்தேன், ஏனெனில் வேலையிடத்தில் அவர்கள் படிக்கப்போவது அதைத்தான்.

நிபந்தனைகளும் இதே அளவு கவனத்தைக் கேட்கின்றன. உரையாளர் முதலில் "இது உயிரைக் காக்கும்" என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் கழித்தே எப்போது காக்காது என்று சேர்ப்பார். தமிழில் நிபந்தனை இயல்பாகவே முன்னால் வருவதால், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் குறிப்பு மூலத்தைவிடத் தெளிவாகவே அமைகிறது: "நிலத்தோடு தொடர்பில்லாமல் நின்றுகொண்டு ஒருவர் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொட்டால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாகவே இருப்பதால் ஆர்சிசிபி இயங்காது." அதேபோல், மிகைச்சுமையிலிருந்து கம்பியைக் காப்பது ஆர்சிசிபியின் வேலையன்று, எம்சிபி என்ற வேறொரு கருவியின் வேலை என்பதையும் தனி வாக்கியமாக எழுத வேண்டும்.

தானியங்கி எழுத்துவடிவத்தின் பிழைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை பார்த்தவுடனே தெரிந்துவிடும். கருவியின் பெயரே ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு விதமாகச் சிதைந்திருக்கும். அதனால் கேடு இல்லை. படிக்கும்போது சரியாகவே தோன்றும் பிழைகள்தாம் ஆபத்தானவை. ஆங்கிலத்தில் "முடியும்", "முடியாது" என்பவை வேகமான பேச்சில் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிப்பதால் எதிர்மறை காணாமல் போய்விடுகிறது, பதினைந்து ஐம்பதாகிவிடுகிறது. இந்தப் பாடத்தில் 15 மில்லிஆம்பியர் வரையிலான கசிவுக்குக் கருவி இயங்கக்கூடாது என்ற விதி உண்டு. அங்கே 50 என்று இருந்தால், 30இல் இயங்க வேண்டிய கருவி 50 வரை இயங்கக்கூடாது என்று பொருள்படும். அந்த முரண்பாட்டை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். எனவே எல்லா எண்களையும் எதிர்மறை வாக்கியங்களையும் மட்டும் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முழு உரையையும் திரும்பக் கேட்கத் தேவைப்படுவதில்லை.

எழுதும்போது ஆங்கிலப் பக்கத்தை மூடிவைத்துவிடுவதே இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உதவிய பழக்கம். மூலம் கண்ணெதிரே இருந்தால் வாக்கியங்கள் ஆங்கில அமைப்பிலேயே வந்து, மாணவர்கள் அவற்றை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் காணொளியின் நேரக்குறியை எழுதிவைப்பதும் பயனுள்ளது. ஐயம் வந்தவர்கள் நேரே அந்த இடத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறார்கள்.

குறை என்று பார்த்தால், ஒரு மணிநேர உரைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. கருவியின் செயல்பாடு, பாதுகாப்பு விதி போன்ற, காரண காரியம் சொல்லி விளக்கும் உரைகளுக்கு இந்த உழைப்பு தகும். மூன்றுகட்ட மின்சாரத்தின் கட்டப்படங்களைப் போல விளக்கம் முழுவதும் பலகையிலேயே நடக்கும் உரைகளில் அடிக்கோடிடாத வரி மிஞ்சுவதே அரிது. அவற்றுக்கு எழுத்துவடிவத்தை விட்டுவிட்டு, படத்தை வரைந்து அதன்மேலேயே தமிழில் விளக்கம் எழுதிவிடுகிறேன்.