தலைக் கேமராவா, இருக்கைகளுக்கு நடுவிலான கேமராவா?

புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்குத் தடம் மாறுவதைக் காட்டும் பாடத்தில், கேமராவை இரு முன் இருக்கைகளுக்கு நடுவே பொருத்தினால் படம் ஆடாது. ஸ்டியரிங், கியர், கைகளின் அசைவு எல்லாம் ஒரே சட்டத்தில் தெளிவாகத் தெரியும். ஆனால் கண்ணாடி ஓட்டுநரின் கண்ணுக்கு ஏற்பத் திருப்பப்பட்டது என்பதால், நடுவிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி வெளிப்புறமாக அதிகம் விலகிய பகுதியைக் காட்டுகிறது. ஓட்டுநருக்குத் தெரியாத மறைபகுதியில் வரும் இருசக்கர வாகனம் படத்தில் பளிச்சென்று தெரிய, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது வீண் வேலை என்று மாணவர் எண்ணிவிடக்கூடும். என் பார்வையில் இதுவே பெரிய ஆபத்து.

நெற்றியில் கட்டிய கேமராவில் கண்ணாடிக் காட்சி ஏறக்குறைய உண்மையானது. குறை வேறு: கண் மட்டும் நகர்ந்தால் அது பதிவாகாது, ஆகவே ஓட்டுநர் தலையையே மெல்லத் திருப்ப வேண்டும், வேகமாகத் திருப்பினால் படம் மங்கும்.

பேச்சுக் குறிப்பும் இதைப் பொறுத்தே அமையும். தலைக் கேமராவில் ‘இப்போது பக்கக் கண்ணாடி’ என்ற சொல் தலை திரும்புவதற்கு ஒரு நொடி முன்பே ஒலிக்க வேண்டும். பிந்தினால் மாணவர் எங்கே பார்ப்பது என்று தேடுவதற்குள் காட்சி போய்விடும். கண்ணாடிப் பாடத்துக்குத் தலைக் கேமராவையும், கியர் பாடத்துக்கு நடுக் கேமராவையும் நான் தேர்ந்தெடுப்பேன்.