வரலாற்றில் தொடங்குவதா, கணக்கெடுப்பில் தொடங்குவதா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதன் ஒரு பிரிவான டிவிசனின் பிள்ளைகளுக்கான மாலை வாசிப்பு வகுப்புக்கு நாங்கள் இரண்டு முறை நிதி விண்ணப்பம் எழுதினோம். திட்டம் ஒன்றுதான். தேவையைச் சொன்ன விதம்தான் வேறு. முதல் விண்ணப்பம், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் தொடங்கியது. இரண்டாவது, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் நாங்களே எடுத்த கணக்கில் தொடங்கியது. முதலாவது திரும்பி வந்தது. இரண்டாவதற்குப் பணம் கிடைத்தது. ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

வரலாற்றை வைத்து எழுதுவது சுலபம். ஒரே இரவில் முடித்துவிடலாம்; படிப்பவர் மனமும் இளகும். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அதே பந்தியை நானுஓயாவிலிருந்து பதுளை வரை எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டும் அனுப்பலாம். பரிசீலித்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "200 பிள்ளைகள் பயன்பெறுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 200 எங்கிருந்து வந்தது?" எங்களிடம் பதில் இல்லை. முழு எண்ணாக இருக்கட்டும் என்று போட்டது அது. கேட்டிருந்த ஆறு லட்சம் ரூபாவும் அப்படித்தான்.

இரண்டாவது முறை தரம் 3 முதல் 5 வரை படிக்கும் 47 பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னோம். எழுத்து, சொல், வாக்கியம், பிறகு தரம் 2 அளவிலான ஒரு சிறு பந்தி. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். இரண்டு பேர் இரண்டு ஞாயிறுகளில் முடித்தோம். எதிரே உட்கார்ந்து கேட்டால் பிள்ளை வாயே திறக்காது, பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை முதல் ஞாயிறே கற்றுக்கொண்டோம். தடுமாறியவர்களை வேறொரு பந்தியுடன் மறுபடியும் சோதித்தோம். முடிவில் 19 பேரால் பந்தியை வாசிக்க முடியவில்லை. அவர்களில் 8 பேருக்கு எழுத்துகளே முழுதாகத் தெரியாது.

இந்த 19தான் விண்ணப்பத்தின் மற்ற எல்லா எண்களையும் பெற்றுத்தந்தது. விளைவு என்ற பகுதியில் முன்பு "வாசிப்புத் திறன் மேம்படும்" என்றிருந்த இடத்தில், முப்பது வார முடிவில் 13 பேர் அந்தப் பந்தியை வாசிப்பார்கள் என்று எழுதினோம். சொல்லையோ வாக்கியத்தையோ எட்டியிருந்த 11 பேரில் 10 பேர், எழுத்திலேயே நின்ற 8 பேரில் 3 பேர். மீதி ஐவர் சொற்களை வாசிக்கும் அளவுக்காவது வருவார்கள். குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விடும் ஒரு பிள்ளைக்கும் இடம்விட்டோம். 19 பேருமே தேறுவார்கள் என்று எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். இறுதிச் சோதனையை வகுப்பெடுத்தவர் நடத்தக்கூடாது என்பதையும் சேர்த்தோம்; தான் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு யாருமே கொஞ்சம் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள்.

செலவுக் கணக்கும் அந்த 19இலிருந்தே வந்தது. 19 பேர் என்றால் இரண்டு குழுக்கள். வாரம் மூன்று மாலைகள், முப்பது வாரம், ஆகத் தொண்ணூறு நாட்கள். இரு ஆசிரியர்களுக்கு 180 வகுப்புகள், வகுப்புக்கு 1,000 ரூபா வீதம் 1,80,000. வாசிப்பு நூல்களுக்கும் தாள்களுக்கும் 30,000. இடம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பரா, அதனால் வாடகை இல்லை. தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 ரூபா வீதம் 85,500. மொத்தம் 2,95,500, முன்பு கேட்டதில் பாதிகூட இல்லை. தேநீர்ச் செலவை வெட்டுவார்கள் என்று பயந்தோம். அதற்கு எதிரே ஒரே வரி எழுதினோம்: கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு திரும்ப ஐந்து மணியாகிறது, மூன்றரை மணி வகுப்புக்குப் பிள்ளை பசியோடு வருகிறது. யாரும் அதைத் தொடவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு ஞாயிறு உழைப்புக்கு யாரும் காசு தரமாட்டார்கள். விண்ணப்பம் தோற்றால் அது நம் கணக்கில்தான். பத்துத் தோட்டங்களுக்கான திட்டம் என்றால் இப்படி எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க முடியாது, சிலரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நான் செய்து பார்த்ததில்லை. பெரிய வெளிநாட்டு நிதியத்துக்கும் எழுதியதில்லை; அங்கே மாவட்ட அளவிலான தரவு வேண்டுமென்று கேட்கக்கூடும்.

வரலாற்றை முற்றாக வெட்டிவிடவும் இல்லை. மூன்று வாக்கியங்களாகச் சுருக்கி ஆசிரியர் கொடுப்பனவுக்குப் பக்கத்தில் வைத்தோம். தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்றது, எங்கள் டிவிசனின் பாட்டிமார் பலருக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வெளியிலிருந்து இருவரைக் கூப்பிடுகிறோம் என்று.