வைப்ரேஷன் ஸ்லைடுக்கு ஊஞ்சலா, வண்டி சஸ்பென்ஷனா? ரெண்டையும் போட்டுப் பார்த்ததுல தெரிஞ்சது

கடலூர்ல மெக்கானிக்கல் பசங்களுக்கு வைப்ரேஷன் யூனிட் எடுக்குறேன். டேம்ப்டு, ஃபோர்ஸ்டு, ரெசனன்ஸ் மூணுக்கும் ஒரே உதாரணம் போதும்னு முதல் வருஷம் ஊஞ்சலை மட்டும் வச்சு ஸ்லைடு போட்டேன், அடுத்த வருஷம் அதைத் தூக்கிட்டு கார் சஸ்பென்ஷன் மட்டும் வச்சேன், ரெண்டு வருஷமும் பசங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, ஆனா தப்பு வேற வேற இடத்துல. அதனால எது எந்த இடத்துல நிக்குது, எங்க விழுதுன்னு எழுதுறேன்.

முதல்ல டேம்பிங். இதுல ஊஞ்சல்தான் ஜெயிக்குது, காரணம் ரொம்ப சிம்பிள், எண்ண முடியும். பாண்டிச்சேரி பாரதி பூங்கா மாதிரி இடத்துல இருக்குற ஊஞ்சலோ வீட்டு உத்தரத்துல தொங்குற பலகையோ, சங்கிலி 2.5 மீட்டர்னா `T = 2π√(L/g)` போட்டா ஒரு முழு ஆட்டத்துக்கு சுமார் 3.2 செகண்ட். 30 டிகிரிக்கு இழுத்து விட்டுட்டு சும்மா எண்ணுங்க. 10 ஆட்டத்துல 15 டிகிரிக்கு வந்துச்சுன்னா லாகரிதமிக் டெக்ரிமென்ட் `δ = ln(2)/10 = 0.069`, டேம்பிங் ரேஷியோ `ζ ≈ δ/2π = 0.011`. பையன் கண்ணால பார்த்ததை கால்குலேட்டர்ல போட்டு ζ எடுத்துட்டான், இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியல.

இதையே சஸ்பென்ஷன்ல செய்யப் பாருங்க. நல்ல ஷாக் அப்சார்பர் இருக்குற கார்ல ζ சுமார் 0.3 இருக்கும், அதுக்கு அடுத்த உச்சம் முதல் உச்சத்துல வெறும் 14 சதவீதம்தான். எண்ண ஒண்ணுமே மிஞ்சாது. மெக்கானிக் பம்பரை அமுக்கி விட்டுப் பார்க்குறது இதுக்குத்தான், விட்டதும் மேல வந்து ஒரு தரம் லேசா இறங்கி நின்னுடுச்சுன்னா ஷாக் நல்லா இருக்கு, மூணு நாலு தரம் துள்ளுச்சுன்னா ஷாக் போச்சு. டெஸ்டா இது அருமை, ஆனா டெக்ரிமென்ட் கணக்கு சொல்லித்தர இது உதவாது.

ஊஞ்சல்லயும் ஒரு பள்ளம் இருக்கு. ஸ்லைடுல நாம வரையுற எக்ஸ்போனென்ஷியல் கோடு விஸ்கஸ் டேம்பிங்குக்கு மட்டும்தான், ஊஞ்சல்ல காத்தும் இருக்கு, கொக்கியில உரசலும் இருக்கு. எதுன்னு கண்டுபிடிக்க வழி, ஒவ்வொரு ஆட்டத்தோட உச்சத்தையும் குறிச்சுக்கிட்டு பக்கத்து பக்கத்து நம்பரை வகுத்துப் பாருங்க, விகிதம் மாறாம இருந்தா விஸ்கஸ் மாதிரி, விகிதம் மாறி ஆனா கழிச்சுப் பார்த்தா ஒரே அளவு குறைஞ்சிருந்தா அது உலர் உரசல். துருப்பிடிச்ச கொக்கியில பெரும்பாலும் கடைசி ஆட்டங்கள் இந்த ரெண்டாவது மாதிரிதான் வந்து பொசுக்குன்னு நிக்கும். பசங்க கிட்ட இதை மறைக்காதீங்க.

இப்ப ஃபோர்ஸ்டு வைப்ரேஷன். ஊஞ்சல் மோசமா ஏமாத்துறது இங்கதான். "பின்னாடி நின்னு தள்ளுறாங்க, அதான் வெளி விசை"ன்னு ஸ்லைடுல போடுறோம். ஆனா தள்ளுற அண்ணன் என்ன பண்றார், ஊஞ்சல் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்து தள்ளுறார், அதாவது அவரோட ஃப்ரீக்வென்ஸியை ஊஞ்சலே முடிவு பண்ணுது. ஃபோர்ஸ்டு வைப்ரேஷனோட உயிரே விசையோட ஃப்ரீக்வென்ஸி சிஸ்டத்தைக் கேக்காம தானா இருக்கணும்ங்கிறதுதான். என் முதல் வருஷப் பசங்க எல்லா ஃபோர்ஸ்டு வைப்ரேஷனும் ரெசனன்ஸ்தான்னு பரீட்சையில எழுதினதுக்குக் காரணம் அவங்க இல்ல, என் ஸ்லைடு.

இதைச் சரி பண்ண ஒரு வழி இருக்கு. தள்ளுறவர் கண்ணை மூடிக்கிட்டு போன்ல மெட்ரோனோம் சத்தத்துக்கு லேசா மட்டும் தள்ளணும், ஆளில்லாம மணல் மூட்டை வச்ச ஊஞ்சல்ல பண்ணுங்க, அடி பட்டுடக் கூடாது. 3.2 செகண்டுக்கு ஒரு தள்ளு வச்சா ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். 2.7 செகண்டுக்கு மாத்துனா கொஞ்சம் ஏறும், அப்புறம் ஊஞ்சல் எதிர்ல வர்றப்போ கை போய் தடுக்கும், இறங்கும், மறுபடி ஏறும், இந்த ஏத்த இறக்கம் சுமார் 18 செகண்டுக்கு ஒரு தரம். அதான் பீட்ஸ். ரெசனன்ஸ்ல விசை இடப்பெயர்ச்சியோட இல்ல, வேகத்தோட சேர்ந்து போகணும்ங்கிற 90 டிகிரி ஃபேஸ் விஷயமும் இங்க கையிலயே தெரியும். இன்னொண்ணு, குழந்தை தானா காலை ஆட்டி, எழுந்து உக்காந்து ஆடுற ஊஞ்சலை இந்த ஸ்லைடுல சேர்க்காதீங்க. எழுந்து உக்கார்றது ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு தரம் நடக்குது, அது பாராமெட்ரிக் எக்ஸைட்டேஷன், வேற கதை.

சஸ்பென்ஷன்ல இந்தக் குழப்பமே கிடையாது, ஏன்னா ரோடு வண்டியைக் கேட்டு மேடு பள்ளமா இருக்குறதில்ல. ஒரு சக்கரத்துக்கு மேல 300 கிலோ, ஸ்பிரிங் `k = 18000 N/m`, ஷாக் `c = 1400 N·s/m`னு வச்சுக்குங்க. நேச்சுரல் ஃப்ரீக்வென்ஸி 1.23 ஹெர்ட்ஸ், ζ 0.3. அரியாங்குப்பம் தாண்டி கிருமாம்பாக்கம் பக்கம் போறப்போ ரோடு 10 மீட்டருக்கு ஒரு அலையா ஏறி இறங்குதுன்னு வைங்க. `v = f × λ`, மணிக்கு சுமார் 44 கிலோமீட்டர்ல வண்டி ரெசனன்ஸ்ல நிக்கும், ரோட்டோட அலை 2 சென்டிமீட்டர்னா பாடி கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் ஆடும். ஷாக் போய் ζ 0.1க்கு இறங்கியிருந்தா 10 சென்டிமீட்டர். ரெசனன்ஸ்னா அளவில்லாம போகும்னு எழுதுற பசங்களுக்கு இந்த ரெண்டு நம்பரும் மருந்து, டேம்பிங் இருக்குற வரைக்கும் உச்சத்துக்கு ஒரு எல்லை உண்டு.

இதுக்கு மேல ஒரு விஷயம், ஊஞ்சலால சொல்லவே முடியாதது. அதே ரோட்டுல 63 கிலோமீட்டர் வேகம் வந்தா, அதாவது ரெசனன்ஸ் வேகத்தோட `√2` மடங்கு, ஷாக் நல்லதோ கெட்டதோ பாடி ரோடு அளவுக்கே ஆடும். அதைத் தாண்டி 89ல நல்ல ஷாக்கு ரோட்டு அலையில 48 சதவீதத்தை உள்ள விடுது, போன ஷாக்கு 36 சதவீதம்தான் விடுது! டேம்பிங் அதிகமா இருந்தா எப்பவுமே நல்லதுன்னு நினைச்சவங்க இங்க நிமிர்ந்து உக்காருவாங்க. அதுக்காக ஷாக் இல்லாம ஓட்டலாம்னு யாரும் எடுத்துக்கக் கூடாது, இந்த மாடல்ல டயரோட ஆட்டமே இல்ல, நிஜத்துல ஷாக் போனா டயர் ரோட்டை விட்டு எழும்பி பிரேக் பிடிக்காது.

அதனால இப்ப என் ஸ்லைடு இப்படி ஓடுது, டேம்பிங்குக்கு ஊஞ்சல், பீட்ஸும் ஃபேஸும் வரைக்கும் மெட்ரோனோம் ஊஞ்சல், ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் கர்வ் வந்ததும் வண்டி. மாறுற இடத்துல மட்டும் ஒரு கேள்வி கேக்குறேன், ஊஞ்சல் நேரத்துல எடையே வரலையே, கார்ல ஏன் வருது? ஊஞ்சலைத் திருப்பி இழுக்குறது எடையேதான், அதனால எடை அடிபட்டுப் போகுது, ஊஞ்சல்ல யார் உக்காந்தாலும் கவலை இல்ல. கார்ல திருப்பித் தள்ளுறது ஸ்பிரிங், அதோட `k` எடையைப் பார்த்து மாறாது, அதனால எடை அடிபடாது. நாலு பேர் ஏறி 300 கிலோ 375 ஆனா ஃப்ரீக்வென்ஸி 1.1க்கு இறங்கி, அதே ரோட்டுல ஆடுற வேகம் 44ல இருந்து 40க்கு வந்துடும், ζவும் 0.27க்கு குறையும். ரெண்டாவது நம்பரை நான் சொல்றதில்ல, பசங்களையே போட்டுப் பார்க்கச் சொல்லிடுவேன்.