நானுஓயா ஸ்டேஷனில் மீட்டர் ஆட்டோ, எனக்கு வந்த கோபம்

லண்டனிலிருந்து 6 வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். நானுஓயா ஸ்டேஷனில் பையோடு இறங்கியதும் ஒரு தம்பி, "அண்ணே, நுவரெலியாவா? மீட்டர் இருக்கு, ஏறுங்க" என்றார். மலையகத்தில் மீட்டர்! மேல் மாகாணத்தில்தான் மீட்டர் கட்டாயம், நம்ம பக்கம் ஏறும் முன்பே பேரம் பேசுவதுதானே வழக்கம். பேரம் பேசத் தெரியாத எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் கிலோமீட்டருக்கு 120, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 100 என்று தம்பி சொன்னார். கண்ணாடியில் வருமான உத்தரவுப் பத்திரம் ஒட்டியிருந்தது, தேதியும் சரி. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் அது கிடைக்காது, ஆனால் மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அது சொல்லாது.

ஏ7 வீதியில் ஓரமாகக் கிலோமீட்டர் கல் வரும். சின்ன வயசில் பஸ்ஸில் கல் எண்ணிய பழக்கம் விடவில்லை. ஒரு கல்லில் மீட்டரைப் பார்த்தேன், அடுத்த கல்லில் பார்த்தேன்: 1.3 ஏறியிருந்தது. மூன்றாவது கல்லிலும் அதே கதை.

"தம்பி, மீட்டர் ஓடுது பாருங்க" என்றேன். "டயர் தேஞ்சிருச்சுண்ணே" என்றார். தேய்ந்த டயர் சிறிசு என்பதால் கூடுதலாகச் சுற்றும், உண்மைதான், ஆனால் அதில் வரும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ, முப்பது வராது. சக்கரம் எத்தனை சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்று மீட்டருக்குள் ஒரு எண் வைத்திருப்பார்கள். அதைக் குறைத்து வைத்தால் கல் வருமுன்பே கிலோமீட்டர் முடிந்துவிடும்.

லண்டனில் கறுப்பு டாக்ஸிக்காரர் கழுத்தில் எண் போட்ட பேட்ஜ் தொங்கும், கட்டணத்தையும் நகரப் போக்குவரத்து நிர்வாகமே தீர்மானிக்கும். சரியில்லை என்றால் அந்த எண்ணைக் குறித்துப் புகார் கொடுக்கலாம். இங்கே யார் பேரைக் குறிப்பது, வண்டி நம்பரைத் தவிர?

நுவரெலியாவில் மீட்டர் 10.4 காட்டியது, 1060 ரூபா. உண்மையில் சுமார் 8 கிலோமீட்டர்தான், 820 வந்திருக்க வேண்டும். சண்டையே போட்டேன், ஊருக்குள் நுழையும் முன்பு வரும் பிளாக்பூல் சந்தியிலிருந்தே. 240 ரூபாவுக்கு! லண்டனில் ஒரு தேநீர்கூட வராது என்று அக்கா பிறகு சிரித்தார். தம்பியும் விடவில்லை: "திரும்பி வெறும் வண்டியாத்தான் வரணும், அத யாரு தருவா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிக் கேட்டிருந்தால் 1200 கூடக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் ஸ்டாண்டில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "நானுஓயாவுக்கு 1100, பேரம் வேணாம்." மீட்டரே இல்லை. ஏறி உட்கார்ந்தேன், கல் மட்டும் எண்ணிக்கொண்டே வந்தேன்.