ஒளிப்புள்ளியா, பாப்பாவின் விளிம்பா: போலி முகத்தைக் கண்ணில் பிடிக்க எது உதவும்?

கணினி உருவாக்கிய முகத்தைக் கண்ணை வைத்துப் பிடிக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன. இரண்டு கண்களிலும் விழும் ஒளிப்புள்ளிகள், அதாவது ஸ்டுடியோக்காரர்கள் கேட்ச்லைட் என்று சொல்வது, ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் வழி. கண்பாப்பாவின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, கோணல்மாணலாக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. கண்ணுக்குள் வெளிச்சம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதை ஒரு எண்ணாக்கி இரண்டு கண்களையும் ஒப்பிடுவது மூன்றாவது. முதல் இரண்டும் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிவேய் லியூவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2020, 2021-இல் அடுத்தடுத்து வெளியிட்டவை. மூன்றாவது, வானியலில் இருந்து கடன் வாங்கியது.

நம் ஊர் முகங்களுக்கு, நம் கைக்கு வந்து சேரும் படங்களுக்கு என்று பார்த்தால் எனக்கு முதல் வழிதான் மேல். காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கார்னியா ஒரு சின்னக் குவியாடி. அதன் வளைவு ஆரம் சுமார் 7.8 மில்லிமீட்டர். ஆகவே குவியத் தூரம் அதில் பாதி, 3.9 மில்லிமீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள ஜன்னல் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிம்பம் கண்ணில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு விழும். கருவிழி சுமார் 12 மில்லிமீட்டர் அகலம் என்பதால், அதில் ஆறில் ஒரு பங்கு. ஜன்னலின் சதுர வடிவம் தெரியும் அளவுக்கு இது பெரியதுதான்.

இப்போது இரண்டு கண்களுக்கும் என்ன வித்தியாசம் வரும்? பாப்பாக்களுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம். இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஜன்னலுக்கு அது ஒன்றுமே இல்லை: ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் கோணம் இரண்டு டிகிரிகூட மாறாது, பிம்பம் 0.12 மில்லிமீட்டர்தான் நகரும். ஆயிரம் பிக்சல் அகலமுள்ள முகப்படத்தில் அது அரைப் பிக்சல். ஆகவே உண்மையான படத்தில் ஒரு கண்ணில், கடிகாரத்தை வைத்துச் சொன்னால், பத்து மணி இடத்தில் சதுரப் புள்ளி இருந்தால், மறு கண்ணிலும் பத்து மணி இடத்தில் அதே சதுரம் இருக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்று பத்திலும் மற்றது இரண்டிலும் இருக்கக் கூடாது. முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முகம் இடம் வலம் ஒத்திருப்பதால் புள்ளியும் அப்படியே இருப்பதுதான் ‘அழகு’ என்று கண்ணுக்குப் படும்.

முகம் தயாரிக்கும் நிரலுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. 2019-இல் வந்த thispersondoesnotexist.com தளம் காட்டியதுபோன்ற ஸ்டைல்கேன் வகை முகங்களை வரையும் நிரல்கள், 70,000 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பைப் பார்த்துப் பிக்சல் பழக்கங்களைக் கற்றவை. கண்ணில் எங்கோ வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். அந்தப் புள்ளி ஒரு அறையில் இருக்கும் ஒரு விளக்கின் பிம்பம் என்பது தெரியாது. அறையே இல்லையே. அதனால் ஒரு கண்ணில் ஒரு புள்ளி, மறு கண்ணில் இரண்டு. ஒன்றில் சதுரம், மற்றதில் நீண்ட கீற்று. ஒன்றில் மேலே, மற்றதில் பக்கவாட்டில் என்று வந்துவிடுகிறது.

ஷு ஹூ, யுவேசுன் லி, லியூ மூவரும் செய்தது இதை எண்ணாக்கியதுதான். இரண்டு கண்களின் ஒளிப்புள்ளிகளையும் வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பொருந்தும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தார்கள். முழுக்கப் பொருந்தினால் 1, துளியும் பொருந்தாவிட்டால் 0. உண்மைப் படங்கள் 1-இன் பக்கமும் போலிகள் 0-இன் பக்கமும் சாய்ந்தன. நேராகக் கேமராவைப் பார்க்கும் முகப்படங்களில் 94 சதவீதம் பலன் கிடைத்ததாகப் பல்கலைக்கழகம் சொன்னது. ‘நேராகப் பார்க்கும் முகப்படங்களில்’ என்ற சொற்களைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். விளக்கு தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் தெரிய வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே வருகின்றன.

விளக்கு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே கணக்கில் பார்த்துவிடலாம். முகத்திலிருந்து 40 சென்டிமீட்டரில், கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு. ஆளோ தூரத்துக் கேமராவைப் பார்க்கிறார். ஆயிரம் பிக்சல் படத்தில் புள்ளி இரண்டு கண்களிலும் சுமார் 2 பிக்சல் வித்தியாசப்படும். புள்ளியின் அகலம் 8 பிக்சல் என்றால் பொருத்தம் 0.6-க்கு இறங்கிவிடும். அதே படத்தை யாரோ 400 பிக்சலாகச் சுருக்கிவிட்டால் புள்ளி 3 பிக்சல், நகர்வு ஒரு பிக்சல், பொருத்தம் 0.5. படம் அசல்தான், ஆனால் எண் அதைப் பாதிப் போலி என்கிறது. அதனால் இந்த வழியில் எண்ணைவிடக் கண்ணை நம்புவது நல்லது: எத்தனை புள்ளி, என்ன வடிவம், எந்தப் பக்கம். இரண்டு பிக்சல் நகர்வு புள்ளியின் வடிவத்தை மாற்றாது. இரண்டு புள்ளியை ஒன்றாகவும் ஆக்காது.

அடுத்து பாப்பா. ஹூய் குவோவும் குழுவினரும் 2021-இல் வெளியிட்ட யோசனை கேட்க இன்னும் எளிமையாக இருக்கும். நல்ல கண்ணின் பாப்பா வட்டம். பக்கவாட்டில் திரும்பினால் நீள்வட்டம். போலி முகத்தில் அதன் விளிம்பு அரித்ததுபோல் இருக்கும். பாப்பாவை வெட்டியெடுத்து, அதற்கு மிகப் பொருத்தமான நீள்வட்டத்தை வரைந்து, விளிம்போடு விளிம்பு எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்தார்கள். இதில் ஒரு பெரிய வசதி, ஒரு கண் போதும். தலைமுடி ஒரு கண்ணை மறைத்தாலும், விளக்கு எங்கே இருந்தாலும் கவலை இல்லை.

ஆனால் இரண்டு இடங்களில் இது நம்மைக் கைவிடுகிறது. ஒன்று, அளவு. ஸ்டைல்கேன் தரும் 1024 பிக்சல் படத்தில் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 250 பிக்சல்தான் இருக்கும். அப்படியானால் 4 மில்லிமீட்டர் பாப்பா 16 பிக்சல். அதை 400 பிக்சல் ப்ரொஃபைல் படமாகச் சுருக்கினால் 6 பிக்சல். ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் வேலை செய்கிறது. மொத்தப் பாப்பாவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால் அதன் விளிம்பில் கோணல் என்று எதைச் சொல்வது?

இரண்டாவது, நிறம். நீலக் கண்ணிலோ சாம்பல் கண்ணிலோ கறுப்புப் பாப்பா தனியாகத் துலங்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் கருவிழியே அடர்பழுப்பு. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பாப்பா எங்கே முடிகிறது, கருவிழி எங்கே தொடங்குகிறது என்று நமக்கே தெரியாது. நிரலும் ஊகத்தில்தான் கோடு போடும். ஆதார் போன்ற இடங்களில் கருவிழியைப் படம் எடுக்கும் கருவிகள் அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: பழுப்பு நிறமி அந்த ஒளியை அவ்வளவாக விழுங்காது, கருவிழியின் இழைகளும் பாப்பாவின் விளிம்பும் தெளிவாகத் தெரியும். நமக்கு வரும் படமோ போன் கேமராவில் எடுத்தது. ஒளிப்புள்ளிக்கு இது நேர்மாறு. பின்புலம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பளிச்சென்று தெரியும்.

போதாததற்கு, அசலான மனிதர்களிலும் பாப்பா கோணலாக இருப்பவர்கள் உண்டு. பிறவியிலேயே சாவித்துளைபோல் இருப்பவர்கள், கண்ணுக்குள் அழற்சி வந்து கருவிழி லென்ஸோடு ஒட்டிக்கொண்டவர்கள், பழைய கண்புரை அறுவைக்குப் பிறகு பாப்பா வட்டமாக இல்லாதவர்கள். ஒரு பெரியவரின் படத்தைப் பார்த்து இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வம்புதான்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவியான அடெஜுமோக்கே ஓவோலாபியும் வானியல் பேராசிரியர் கெவின் பிம்பிளெட்டும் 2024 ஜூலையில் ஒரு வானியல் மாநாட்டில் இதை முன்வைத்தார்கள். ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று அளக்க வானியலாளர்கள் ஜினி குறியீட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொருளாதாரத்தில் வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் அதே குறியீடுதான். ஒளி எல்லாப் பிக்சலிலும் சமமாக இருந்தால் 0, ஒரே பிக்சலில் குவிந்தால் 1. இரண்டு கண்களுக்கும் இந்த எண் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகப்படலாம். புள்ளி ஓரிரு பிக்சல் நகர்ந்தாலும் எண் மாறாது என்பதால், மேசை விளக்குப் படம் இங்கே தப்பிக்கும். ஆனால் அதே காரணத்தால், ஒரு கண்ணில் பத்து மணியிலும் மறு கண்ணில் இரண்டு மணியிலும் ஒரே மாதிரிப் புள்ளி இருக்கும் போலியும் தப்பித்துவிடும். ஒளி எங்கே இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. இது எல்லாவற்றையும் பிடித்துவிடாது, தவறாகவும் காட்டும் என்று பிம்பிளெட்டே சொல்லியிருக்கிறார்.

சரி, ஒளிப்புள்ளி எப்போது பொய் சொல்லும்? பக்கவாட்டில் மட்டும் வெளிச்சம் இருந்தால் மூக்குத் தண்டு தூரத்துக் கண்ணுக்கு அதை மறைத்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் புள்ளி இருக்கும். இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தால், ஒவ்வொரு கண்ணும் தன் பக்கத்து விளக்கை மட்டும் பார்த்து, பத்து மணி, இரண்டு மணி என்ற அதே சந்தேக அமைப்பு அசல் படத்திலேயே வரலாம். அப்போது முகத்தைப் பாருங்கள்: விளக்கு அப்படி இருந்தால் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னங்களில் வெளிச்சம் ஏறி நடுவில் நிழல் இறங்கியிருக்கும். கண் ஒன்றைச் சொல்லி, மூக்கு நிழல் வேறொன்றைச் சொன்னால்தான் சந்தேகம் வலுக்கும். மாறுகண் உள்ளவர்களுக்குப் புள்ளி பாப்பாவிலிருந்து விலகியிருக்கும் தூரம் இரண்டு கண்களிலும் மாறும். கல்யாண ஆல்பம் திருத்துகிறவர்கள் இரண்டாவது புள்ளியைத் துடைத்துவிடுவதும் உண்டு, சில சமயம் ஒரு கண்ணில் மட்டும். கீழ் இமையோரக் கண்ணீர்க் கோட்டில் மினுங்கும் வெள்ளைக் கீற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கார்னியாவில் விழுந்த பிம்பம் இல்லை.

பார்க்கும்போது ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு, கிடைத்ததிலேயே பெரிய கோப்பை எடுங்கள். இரண்டு கண்களையும் ஒரே அளவில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எதையும் இடம் வலம் திருப்ப வேண்டாம். நான்கு மடங்கு பெரிதாக்கும்போது பிக்சலை மழுப்பாத முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏஐ வைத்துத் தெளிவாக்கும் செயலியில் போட்டால் அதுவே புதிதாக ஒரு புள்ளியை வரைந்து தந்துவிடும், அப்புறம் நீங்கள் ஆராய்வது அந்தச் செயலியின் கைவேலையைத்தான்.

இன்னொன்று: இந்த மூன்று வழிகளில் முதல் இரண்டும் ஸ்டைல்கேன் காலத்து முகங்களை வைத்துச் சோதிக்கப்பட்டவை. எழுத்தில் சொன்னால் படம் வரையும் இப்போதைய நிரல்கள் பல நேரம் இரண்டு கண்ணிலும் பொருந்தும் புள்ளிகளையே தருகின்றன. அதனால் பொருந்தாத புள்ளிக்கு ஒரு காரணம் கேட்கலாம். பொருந்தும் புள்ளியை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த மாதிரிப் படங்களில் புள்ளியைப் பெரிதாக்கி, அதற்குள் என்ன தெரிகிறது என்று பார்ப்பதில் பலன் அதிகம். ஆள் வயல்வெளியில் நிற்கிறார், கண்ணில் ஸ்டுடியோ சாஃப்ட்பாக்ஸின் சதுரம் தெரிகிறது என்றால், இரண்டு சதுரமும் எவ்வளவு அச்சாகப் பொருந்தினாலும், அந்த விளக்கை வயலுக்கு யார் கொண்டுவந்தார் என்று கேட்க வேண்டியிருக்கும்.