போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ‘புக்கிங்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. பாஸ்போர்ட் காலாவதியாக நான்கு மாதம்தான் பாக்கி, முகவரியும் பழையது. நானே செய்திருக்கலாம். சோம்பல், பக்கத்திலிருந்த இன்டர்நெட் சென்டருக்குப் போனேன்.

அந்தப் பையன் 3,500 ரூபாய் கேட்டான். “ஃபீஸ் 1,500, போலீஸ் புக்கிங் 1,200, மீதி நம்ம சர்வீஸ். போலீஸ் ஸ்லாட் இப்பவே போடாட்டி மூணு மாசம் இழுத்துருங்ண்ணா” என்றான். அட்ரஸ் மாறுவதால் போலீஸ் விசாரணை இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் நம்பிவிட்டேன்.

குறித்த நாளில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று அந்தப் பையன் கொடுத்த தாளை நீட்டினேன். கவுன்டரில் இருந்த அம்மா பார்த்துவிட்டு, எந்த நாட்டுக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாளின் மேலே Police Clearance Certificate என்று இருந்தது, கட்டணம் 500 ரூபாய். வெளிநாட்டில் வேலைக்கோ குடியேறவோ போகிறவர்கள், தங்கள் மேல் வழக்கில்லை என்று காட்ட வாங்கும் சான்றிதழாம் அது. பாஸ்போர்ட் புதுப்பிக்க விண்ணப்பமே போடப்படவில்லை!

முன்பே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் தளத்தில் என் அக்கவுன்ட்டை அவன் தன் ஈமெயிலில் திறந்திருந்தான். ரசீது, தகவல் எல்லாம் அவனுக்கே போனது. என் கைக்கு வந்தது அந்த ஒரு தாள்தான். அதையும் நான் தேதி, நேரம் தவிர வேறெதுவும் படிக்கவில்லை.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து passportindia.gov.in தளத்தில் என் ஈமெயிலிலேயே பதிந்தேன். Re-issue of Passport எடுத்து, காலம் முடிவதையும் முகவரி மாற்றத்தையும் காரணமாகக் குறித்தேன். தற்போதைய முகவரிக்குக் கீழே எந்தக் காவல் நிலையம் என்று ஒரு கட்டம் வரும், அதில் கவனம் தேவை. விசாரணை அங்கேதான் போகும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் ஆன்லைனில் கட்டிய பிறகு அப்பாயின்ட்மென்ட் தேதி கேட்டது. அவ்வளவுதான். போலீஸுக்கு ஸ்லாட் போட அந்தத் தளத்தில் எங்கும் இடமே கிடையாது.

அலுவலகத்தில் வேலை முடிந்ததும் விசாரணைக் கோரிக்கையை அவர்களே போலீஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அதற்கு நாம் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. எனக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆதாரையும் பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வைக்கச் சொல்லி, ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் நாங்கள் எத்தனை நாளாக இருக்கிறோம் என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில் வீட்டில் இல்லாமல் போனால்தான் வம்பு. கொடுத்த முகவரியில் ஆள் இல்லை என்று அறிக்கை போய்விட்டால் பாஸ்போர்ட் சிக்கிக்கொள்ளும்.

உங்கள் தாளில் எந்தச் சேவையின் பெயர் இருக்கிறது, எவ்வளவு கட்டணம் என்று சென்டரை விட்டு இறங்குவதற்கு முன்பே பாருங்கள். அந்தப் பையன் சண்டை போட்டபின் 1,200-ஐத் திருப்பிக் கொடுத்தான். அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டை மட்டும் இன்னும் தரவில்லை.